ஆடித் தள்ளுபடிக்கு எந்தப் பெயர்? கும்பகோணத்து ஜவுளிக் கடை ஒன்றின் நான்கு யோசனைகள்

ஆனி பாதி தாண்டினால் எங்கள் அச்சகத்துக்கு ஜவுளிக் கடைக்காரர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். ஆடி ஒன்று ஜூலை 17 வாக்கில் பிறக்கிறது. அதற்குள் பிட் நோட்டீஸ் பேப்பர் போடுகிறவர் கைக்குப் போக வேண்டும், ஃபிளெக்ஸ் ஏற வேண்டும், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்ட வேண்டும். எத்தனை சதவீதம், எத்தனை நாள், என்னென்ன சரக்கு என்பதையெல்லாம் எழுதிக்கொண்டு வருகிறவர்கள், மேலே பெரிய எழுத்தில் என்ன போடுவது என்று கேட்டால் மட்டும் "நீங்களே ஏதாவது நல்லதா போடுங்க தம்பி" என்பார்கள். நாங்களும் ஏதாவது போடுவோம். அப்படித்தான் ஒரே தெருவில் மூன்று கடை "ஆடி அதிரடி" நடத்திக்கொண்டிருக்கும்.

பெரிய தெருப் பக்கம் இருக்கும் ஒரு நடுத்தர ஜவுளிக் கடையின் முதலாளி, நோட்டீஸ் அடிக்கும் முன்பே பெயரைப் பற்றிப் பேச உட்கார்ந்தார். அந்தக் கடையை வைத்தே இதைப் பார்க்கலாம். கீழ்த்தளத்தில் சுடிதார், நைட்டி, பிள்ளைகள் துணி. மாடியில் புடவை, பட்டு, வேட்டி. தள்ளுபடிச் சரக்கு எல்லாம் மாடியில்தான். கடைக்கு ஒரு அம்மன் பெயர். அதே அம்மன் பெயரில் அதே வட்டாரத்தில் நகைக்கடை ஒன்றும் பாத்திரக்கடை ஒன்றும் உண்டு. எதிரிகள் இரண்டு வகை: டிவியில் விளம்பரம் கொடுக்கும் பல அடுக்குக் கடை ஒன்று, இவரைப் போலவே இருக்கும் பழைய கடைகள் இரண்டு. முதலாளியும் மகனும் நான்கு பெயர்கள் எழுதி வைத்திருந்தார்கள்: "ஆடி அதிரடி", "பாதி விலை ஆடி", "பதினெட்டாம் பெருக்குத் திருவிழாத் தள்ளுபடி", "மாடியில் ஆடி".

முதல் பெயரைச் சீக்கிரமே பார்த்துவிடலாம். "ஆடி அதிரடி" என்றால் எல்லோருக்கும் புரியும், வாயில் நன்றாக வரும், பிழையே வராது. ஆனால் அது யாருடையதும் இல்லை. இதைச் சோதிக்க நான் எப்போதும் செய்வது ஒன்று உண்டு. போன வருடம் அந்தத் தெருக் கடைகளுக்கு அடித்த நோட்டீஸ் மாதிரிகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் கடைப் பெயர் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக் காட்டுவேன். மிச்சத்தை வைத்து எது யாருடையது என்று சொல்லச் சொல்வேன். முதலாளிக்குத் தன் கடை நோட்டீஸே தெரியவில்லை. சிவப்பு மஞ்சள் நட்சத்திரம், 50% வரை, ஓரத்தில் சிரிக்கும் பெண் என்று மூன்றும் ஒரே அச்சு. அவர் செலவு செய்து கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஜனங்கள் பல அடுக்குக் கடைக்குப் போயிருப்பார்கள். பொதுப் பெயர் வைக்கும்போது லாபம் எப்போதும் அந்த வட்டாரத்தின் பெரிய கடைக்குத்தான், ஏனென்றால் 'ஆடி' என்று கேட்டதும் முதலில் மனசில் வருவது அந்தக் கடை.

கடைப் பெயரையே முன்னால் போட்டு "இன்னார் ஆடி" என்று வைத்தால் போதாதா என்று முதலாளி கேட்டார். தனித்த பெயருள்ள கடைக்கு அது போதும், அதுதான் உத்தமமும் கூட. இவர் கடைக்கு அது உதவாது. ஆட்டோ ஒலிபெருக்கியில் அந்த அம்மன் பெயர் கேட்டதும் பாதிப் பேர் நகைக்கடையில் செய்கூலி தள்ளுபடி என்று நினைப்பார்கள்.

"பாதி விலை ஆடி" மகனுடைய யோசனை. கேட்டதும் திரும்பிப் பார்க்க வைக்கும் பெயர்தான். சிக்கல் என்னவென்றால், பெயரிலேயே விலையை வைத்துவிட்டால் கடை முழுக்க அந்த விலைக்குக் கட்டுப்பட வேண்டும். ஆடியில் பாதி விலைக்குப் போவது தேங்கிய சரக்கு, ஒற்றைப் பீஸ், விற்காத கலர், டிசைன். புதுச் சரக்குக்கு 10 சதவீதம்தான் குறைக்க முடியும். உள்ளே வந்தவர் ஒரு புதுப் புடவையை எடுத்து "இதுவும் பாதியா?" என்று கேட்பார். இல்லை என்று சொல்லும் வேலை விற்பனைப் பெண்ணுடையது, நாள் முழுக்க. '50% வரை' என்று நோட்டீசில் போடும்போது அந்த 'வரை' ஒரு ஓரத்தில் நின்று கடையைக் காப்பாற்றுகிறது. பெயருக்குள் 'வரை' வைக்க இடமில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி திசைதிருப்பும் விளம்பரம் என்று யாராவது புகார் கொடுத்தால், 'அது பெயர்தானே' என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அப்புறம் எதிர்க்கடைக்காரர் ஒரே ராத்திரியில் "பாதிக்கும் கீழே" என்று போர்டு மாட்டிவிடலாம். விலையை வைத்து வைத்த பெயரை விலையாலேயே அடித்துவிடலாம்.

மூன்றாவது பெயர்தான் முதலாளிக்கு மனசுக்குப் பிடித்தது. எனக்கும் பிடித்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டெல்டாக்காரனுக்குப் பதினெட்டாம் பெருக்கு என்றால் வேறெந்த விளக்கமும் வேண்டாம். படித்துறையில் மணலைப் பிடித்து வைத்து, காதோலை கருகமணி, காப்பரிசி, விளாம்பழம், மஞ்சள் கயிறு எல்லாம் வைத்துக் கும்பிடுவது. புதுப்பெண்கள் தாலி பிரித்துக் கோர்ப்பது. தாய் வீட்டில் அழைத்துப் புதுத்துணி எடுத்துக் கொடுப்பது. துணி வியாபாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாள் ஆடியில் கிடையாது. சென்னையிலிருந்து வந்த பெரிய கடையின் விளம்பர ஆட்களுக்கு இது மனசில் படாது, ஆகவே உள்ளூர்க் கடை என்ற அடையாளமும் கிடைக்கும் என்று முதலாளி சொன்னார். நல்ல வாதம்தான்.

இருந்தும் இந்தப் பெயரை வேண்டாம் என்றேன். முதல் காரணம் நாட்காட்டி. பதினெட்டாம் பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3ல் வரும். ஆடி முடிவது ஆகஸ்ட் 16 வாக்கில். பெருக்கு முடிந்த மறுநாள் அந்த ஃபிளெக்ஸ் பழைய காலண்டர் ஆகிவிடும். ஆனால் கடைக்கு நிஜமான காசு வருவது அதற்குப் பிறகுதான். ஆடியில் கல்யாணம் இல்லை என்பதால்தான் தள்ளுபடியே போடுகிறோம். ஆவணி முகூர்த்தம் வைத்திருக்கும் வீட்டார் ஆடி கடைசி வாரங்களில், தள்ளுபடி முடிவதற்குள் பட்டு எடுத்துவிடலாம் என்று குடும்பத்தோடு வருவார்கள். அதுவும் இந்தப் பக்கத்தில் விவசாயக் குடும்பங்களுக்கு ஆடி கையில் காசு புரளும் மாதமில்லை. குறுவை வயலில் நிற்கும், சம்பாவுக்கு நாற்றங்கால் வேலை எட்டிப் பார்க்கும், இருக்கிற பணம் விதைக்கும் உரத்துக்கும் ஆளுக்கும் போகும். கல்யாணம் வைத்த வீடு ஒன்றுதான் கடன் வாங்கியாவது துணி எடுக்கும். அவர்கள் வரும் நேரத்தில் முடிந்துபோன பண்டிகையின் பெயரோடு போர்டு தொங்கினால், தள்ளுபடியும் முடிந்துவிட்டது என்றுதானே நினைப்பார்கள்?

இரண்டாவது காரணம் ஆறு. மேட்டூர் அணையை ஜூன் 12 திறக்க வேண்டும் என்பது வழக்கம். எல்லா வருடமும் அது நடப்பதில்லை. 2016ல் செப்டம்பர் 20, 2017ல் அக்டோபர் 2 என்று போனது. அந்த வருடங்களில் பெருக்குக்குள் காவிரியில் பாசனத் தண்ணீர் வரவில்லை. அந்த நேரத்தில் 'பெருக்கு' என்று பெரிதாகப் போட்டு ஆட்டோ விட்டால் குத்திக்காட்டுவது போலத்தான் இருக்கும். 2024ல் நேர் எதிர். ஜூன் 12 திறக்கவில்லை, ஜூலை 28ல் திறந்தார்கள், இரண்டு நாளில் அணை 120 அடியைத் தொட்டு, கொள்ளிடத்தில் வெள்ளம் போனது. ஆற்றில் இறங்காதீர்கள் என்று எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பெருக்கு வந்தது. நோட்டீசை ஆனியில் அடிக்கிறோம்; ஆற்றின் நிலவரம் ஆடி பாதியில்தான் தெரியும். ஆற்றை நம்பி வைக்கும் பெயர்களுக்கு, "பொங்கும் காவிரி ஆடி" மாதிரியான பெயர்களுக்கும் சேர்த்துத்தான், இந்த ஆபத்து உண்டு.

மூன்றாவது காரணம் சாதாரணமானது, எங்கள் தொழில் சம்பந்தப்பட்டது. அந்தப் பெயரில் 21 எழுத்து. பத்து அடி அகல ஃபிளெக்சில் ஒரே வரியாகப் போட்டால் எழுத்துக்கு அரை அடி கூட வராது. மூன்று வரியாக மடக்கினால் எழுத்து பெரிதாகும், ஆனால் சதவீதத்துக்கும் புடவைப் படத்துக்கும் இடம் இருக்காது. பஸ்ஸில் போகிறவர் 'பதினெட்டாம்' வரை படிப்பார். ஆட்டோவில் சொன்னால், வண்டி வீட்டைத் தாண்டும் நேரத்தில் காதில் விழுவது நாலைந்து வார்த்தை. பெயரே அதைத் தின்றுவிட்டால் கடைப் பெயர் அடுத்த வீட்டுக்குத்தான் கேட்கும்.

பண்டிகைப் பெயரில் இன்னொன்றும் இருக்கிறது. அதை யாரும் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரை ஒருவர் தனக்கு மட்டும் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தன் சொத்தாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015ல் சொல்லிவிட்டது. பெருக்கு நூல் அல்ல, ஊர்ப் பண்டிகை. ஆனால் ஊரே கொண்டாடும் நாளின் பெயரை எதிர்க்கடை போடக் கூடாது என்று கேட்க நமக்கு எந்த நியாயமும் இல்லை. (2028ல் மகாமகம் வருகிறது. இந்த ஊரில் அந்த வருடம் டீக்கடை வரைக்கும் எல்லாம் 'மகாமகச் சலுகை'தான் போடப்போகிறார்கள். இப்போதே வேறு பெயர் யோசித்து வைப்பவர் புத்திசாலி.)

மிச்சம் "மாடியில் ஆடி". இது யோசித்து வைத்த பெயரே அல்ல. புடவைப் பிரிவில் பல வருடமாக இருக்கும் அக்கா ஒருவர், கீழே வந்து கேட்கிறவர்களிடம் "ஆடியா? மாடியில போட்டிருக்கு, மேல போங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். மகன் அதைக் கேட்டு விளையாட்டாக எழுதியது. ஆறே எழுத்து. அதே பத்து அடி ஃபிளெக்சில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு அடிக்கு மேல் நிற்கும். எதுகை தானாக அமைந்திருக்கிறது, ஒரு தடவை கேட்டால் போதும். ஜனங்கள் பேசும் வாக்கியத்திலும் உட்காருகிறது. நம்மூரில் "அந்தக் கடையில ஆடி போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள், தள்ளுபடித் திருவிழா என்றெல்லாம் யாரும் வாயால் சொல்வதில்லை. "மாடியில ஆடி போட்டிருக்காங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்லும்போது விளம்பரப் பெயர் அப்படியே போய்ச் சேர்ந்துவிடுகிறது. எந்த மாடி என்று கேட்டால் கடையைச் சொல்லித்தானே ஆக வேண்டும். கட்டைவிரல் சோதனையிலும், கடைப் பெயரை மறைத்தாலும் இது அந்தத் தெருவின் மற்ற நோட்டீஸ்களோடு கலக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. அந்த அக்காவே சொன்னார்: "முட்டி வலிக்காரங்க 'மாடியா'ன்னு கேட்டுட்டுத் திரும்பிடுவாங்கண்ணே. லிஃப்ட் கூட இல்ல நம்மகிட்ட." இது சின்ன விஷயம் அல்ல. புடவை எடுக்க வரும் குடும்பத்தில் முடிவு சொல்கிறவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பாட்டியோ மாமியாரோதான். அவர் வாசலிலேயே திரும்பினால் கூட வந்த ஐந்து பேரும் திரும்புவார்கள். இன்னொரு குறை, ஒலிபெருக்கியில் முதல் எழுத்து அமுங்கினால் "ஆடியில் ஆடி" என்று கேட்கும். அர்த்தமில்லாமல் போனாலும் கேட்பதற்குத் தப்பாக ஒன்றும் ஆகிவிடாது. அறிவிப்பவரை 'மா'வை இழுத்துச் சொல்லச் சொன்னால் சரியாகிவிடும். முட்டி வலிக்குத்தான் வழி தேட வேண்டியிருந்தது. கீழ்த்தளத்தில் வாசலை ஒட்டி நாலு நாற்காலி, ஒரு மேசை. "மாடி இறங்கி வரும்" என்று நோட்டீசின் கீழே ஒரு வரி. பெரியவர்கள் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள், மாடியிலிருந்து பையன் கட்டுக்கட்டாகப் புடவையைக் கீழே கொண்டுவந்து காட்டுவான். ஒரு ஆள் சம்பளம் கூடுதல். அந்த வரி இருந்த பிறகுதான் முதலாளியின் அம்மா இந்தப் பெயருக்குச் சம்மதித்தார்.

இதற்கு நடுவில் மகன் ஐந்தாவதாக ஒன்றைச் சொன்னான். பல அடுக்குக் கடை சில வருடங்களாக ஒரே பெயரில் ஆடி விற்பனை நடத்துகிறது. அந்தப் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி, அதே நிறத்தில் போட்டால் அவர்கள் டிவிக்குச் செலவழித்த காசு நமக்கும் வேலை செய்யுமே என்றான். இதை யோசிக்காத சின்னக் கடைக்காரர் கிடையாது, ஆகவே கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். அந்தப் பெயர் பதிவு செய்யப்படாததாகவே இருந்தாலும், ஒருவர் சரக்கை இன்னொருவருடையது போலக் காட்டி விற்பதைத் தடுக்க வழக்குப் போடலாம். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 27ஆவது பிரிவு அந்த உரிமையை அப்படியே விட்டு வைத்திருக்கிறது. நீதிமன்றம் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெண்ணிப் பார்ப்பதில்லை. அரைகுறை ஞாபகத்தோடு வரும் சாதாரண வாடிக்கையாளர் குழம்புவாரா என்றுதான் பார்க்கும். ஒரு எழுத்து மாற்றம் அங்கே எதற்கும் உதவாது. வழக்கை விடுங்கள், வியாபாரத்திலேயே இது நஷ்டம். அந்தப் பெயரைக் கேட்டவர் தேடிப் போவது அந்தக் கடையை. நாம் நோட்டீஸ் அடித்து அவர்களுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.

பெயர் முடிவானதும் வேறு யாராவது ஏற்கெனவே வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். முதலில் உள்ளூர்: கும்பகோணம் மட்டுமல்ல, தஞ்சாவூர், மயிலாடுதுறை, மன்னார்குடி வரை. இந்தப் பக்கத்து ஜனங்கள் பஸ் ஏறித் துணி எடுக்கப் போகும் தூரம் அதுதான். பேப்பர் போடும் ஏஜென்ட், ஆட்டோ அறிவிப்பாளர், கேபிள் டிவியில் ஓடும் எழுத்து விளம்பரம் எடுப்பவர் என்று இந்த மூன்று பேரைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். அப்புறம் ipindia.gov.in தளத்தில் வணிகச் சின்னத் தேடல். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் பெரும்பாலும் பதிந்திருப்பார்கள், அதனால் Aadi, Adi, Aadhi என்று ஒவ்வொரு எழுத்துக்கூட்டலாகப் போட்டுப் பார்க்க வேண்டும். துணி ரகங்கள் 24ஆம் வகுப்பிலும், உடைகள் 25ஆம் வகுப்பிலும், கடை வியாபாரச் சேவை 35ஆம் வகுப்பிலும் வரும்; மூன்றையும் பார்க்காமல் விடக் கூடாது.

பதிவு செய்யலாமா என்று முதலாளி கேட்டார். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், கிடைத்தால் 10 வருடத்துக்குச் செல்லும். பணம் பெரிதில்லை. ஆனால் 'ஆடி'யும் 'மாடி'யும் சாதாரணச் சொற்கள். விற்பனை எப்போது, எங்கே என்று விவரிக்கும் பெயர்தானே என்று 9ஆவது பிரிவைக் காட்டி ஆட்சேபம் வர வாய்ப்பு அதிகம். பயன்படுத்திப் பயன்படுத்தி அந்தப் பெயர் இந்தக் கடையைத்தான் குறிக்கிறது என்று ஆக்கிக் காட்டினால் அந்த ஆட்சேபத்தைத் தாண்டலாம். அதனால் முதல் வருடம் விண்ணப்பம் வேண்டாம், ஆதாரம் சேர்த்தால் போதும் என்று சொன்னேன். தேதியோடு அச்சிட்ட நோட்டீஸ் இரண்டு, எங்கள் பில், ஆட்டோக்காரருக்குக் கொடுத்த ரசீது, ஃபிளெக்ஸ் மாட்டிய அன்று எடுத்த போட்டோ, பெயர் அச்சான கட்டைப்பை ஒன்று. வருடா வருடம் ஒரே பெயர், ஒரே எழுத்து வடிவம். மூன்றாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை வட்டத்துக்குள் R போடக் கூடாது; பதிவாகாத பெயருக்கு அதைப் போடுவது சட்டப்படி தப்பு. மகனுக்கு அது போட்டால்தான் கெத்தாக இருக்கும் என்று ஆசை.

எதிர்க்கடைக்காரருக்கும் மாடி இருக்கிறது. அவரும் அடுத்த வருடம் இதையே போட்டால்? அதைத் தடுக்க முதல் வருடத்திலேயே பெயரோடு சேர்த்து ஒரு படம் போடுகிறோம்: இந்தக் கடையின் பச்சைக் கைப்பிடி போட்ட பழைய மரப் படிக்கட்டு. இந்த ஊரில் துணி எடுத்தவர்களுக்கு அந்தப் படி தெரியும். நோட்டீசில், ஃபிளெக்சில், கட்டைப்பையில் எல்லாம் பெயருக்கு இடதுபக்கம் அதே படிதான் இருக்கும். எதிர்க்கடையில் மொசைக் படி.